பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வன்னிக்கு: ரயில் நிரம்பினாலும் வீடு போய்ச் சேர ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணம் போகிறவருக்குப் பண்டிகைப் பயணத்தில் ஒரே ஒரு கேள்விதான்: சீட் கிடைக்குமா? வன்னிக்குப் போகிறவருக்கு இரண்டு கேள்வி. சீட் கிடைக்குமா என்பது முதலாவது. இறங்கிய இடத்திலிருந்து ஊருக்கு என்னத்தில் போவது என்பது இரண்டாவது. கொழும்பில் இருந்துகொண்டு எல்லோரும் முதலாவதையே யோசிக்கிறார்கள். உண்மையில் பிள்ளைகளோடும் பைகளோடும் விடியப்புறம் நடுவழியில் நிற்க வைப்பது இரண்டாவதுதான். அதனால் இந்த வழிகாட்டி வீட்டு வாசலில் தொடங்கிக் கொழும்புக்குப் பின்னோக்கி வருகிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறார்கள். கணவன், மனைவி, ஆறு வயதுப் பிள்ளை, முழங்கால் வருத்தமுள்ள மாமி. ஊர் முள்ளியவளை. 2027 தைப்பொங்கலுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பொங்கல் ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறும் சேர்வதால் மூன்று நாள் விடுமுறை. அதாவது வடக்குப் பாதையில் எல்லோரும் ஒரே இரவில் ஏறப் பார்ப்பார்கள்.

முதலில் இறங்கும் நிலையம்

வடக்கு ரயில் பாதை மதவாச்சியைத் தாண்டி வன்னியின் நடுவால் நேராக மேலே போகிறது: வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு. 1990இல் நின்றுபோன இந்தப் பாதையில் 2013இல் கிளிநொச்சிவரையும் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம்வரையும் ரயில் திரும்ப ஓடியது. முல்லைத்தீவு நகரத்துக்குத் தண்டவாளமே இல்லை. ஆகவே உங்கள் ஊருக்கு எந்த நிலையத்திலிருந்து குறுக்கு வீதி பிரிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மாங்குளத்திலிருந்து கிழக்கே பிரியும் ஏ-34 வீதி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுக்குப் போகிறது. மொத்தம் 49 கிலோமீற்றர். அதே மாங்குளத்திலிருந்து மேற்கே போனால் துணுக்காய், மல்லாவி. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு ஆட்கள் மாங்குளத்தில் இறங்கிச் சுற்றத் தேவையில்லை. பரந்தனில் பிரியும் ஏ-35 வீதிதான் அவர்களுடையது, அதனால் கிளிநொச்சியோ பரந்தனோ பொருந்தும். நெடுங்கேணிக்குப் புளியங்குளத்தில் திரும்ப வேண்டும். ஆனால் அங்கே எல்லா ரயிலும் நிற்காது, பலர் வவுனியாவில் இறங்கி பஸ் எடுப்பதுதான் வழக்கம். செட்டிகுளம், மடு, முருங்கன், மன்னார்ப் பக்கம் போகிறவர்களுக்கு மதவாச்சியில் பிரியும் தலைமன்னார் பாதை தனியாக இருக்கிறது.

நிலையத்தைத் தெரிந்த பிறகு, நீங்கள் பார்க்கும் ரயில் அங்கே நிற்குமா என்று பார்த்தே ஆகவேண்டும். கடுகதிகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நிற்கும், மாங்குளத்தைத் தாண்டிப் போய்விடக்கூடும். eservices.railway.gov.lk/schedule பக்கத்தில் ஏறும் நிலையமாகக் கோட்டையையும் இறங்கும் நிலையமாக மாங்குளத்தையும் போட்டுத் தேடினால், அங்கே நிற்கும் வண்டிகள் மட்டும் வரும். 1971க்கு அழைத்தும் கேட்கலாம். நிலையத்தின் பெயரை மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள். எங்கள் குடும்பத்துக்கு மாங்குளம் முதல் தெரிவு, வவுனியா இரண்டாவது.

வவுனியாவை எப்போதும் இரண்டாவது தெரிவாகவாவது வைத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் எந்த ஊருக்கும் அங்கிருந்து ஏதோ ஒரு பஸ் இருக்கும். ஓட்டோவும் கடையும் இருக்கும், விடியும்வரை வெளிச்சத்தில் உட்கார ஓர் இடமும் இருக்கும். மாங்குளம் சந்தியில் அதிகாலையில் இவ்வளவையும் எதிர்பார்க்க முடியாது.

கடைசி நாற்பது கிலோமீற்றர்

இரவு மெயில் கோட்டையில் இரவில் புறப்பட்டு விடியுமுன் வன்னியைத் தொட்டுவிடும். மாங்குளத்தில் இறங்கும்போது இன்னும் இருட்டு. முல்லைத்தீவுப் பக்கம் போகும் முதல் பஸ்ஸுக்குக் கணிசமான நேரம் காத்திருக்க வேண்டி வரலாம். பண்டிகை நாளில் அந்த முதல் பஸ்ஸும் வராமல் போகலாம். சாரதிக்கும் கொண்டக்டருக்கும் பொங்கல்தானே.

அதனால் கொழும்பில் சீட் போடுவதற்கு முன்பே ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க வேண்டும். கேட்க வேண்டியது மூன்று விஷயம். மாங்குளத்திலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு? பொங்கலன்று அது ஓடுமா? ஓடாவிட்டால் ஊரில் தெரிந்த ஓட்டோக்காரர் யாராவது வந்து ஏற்றுவாரா, எவ்வளவு கேட்பார்? ஓட்டோவை அப்போதே சொல்லி வைப்பது நல்லது. பொங்கலுக்கு முதல்நாள் சொன்னால் அவர் ஏற்கெனவே வேறு யாருக்காவது ஒப்புக்கொண்டிருப்பார். மாங்குளத்திலிருந்து முள்ளியவளை நாற்பது கிலோமீற்றர் அளவில் வரும். அவர் வெறும் வண்டியாக வந்து ஏற்றிப் போக வேண்டும் என்பதால் போக, வர இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்பார். அது நியாயம், பேரம் பேசி அவரை இழக்க வேண்டாம்.

பகல் ரயில் என்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. காலையில் யாழ்தேவியில் ஏறினால் நண்பகலை ஒட்டி வன்னிக்குள் வந்துவிடலாம். பஸ் ஓடும் நேரம், வெளிச்சமும் இருக்கும். மாமி போன்ற ஒருவரை அழைத்துப் போகும்போது நான் பகல் ரயிலையே சொல்வேன். இரவு வண்டியில் ஒரு வேலைநாள் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மிச்சத்தை அடுத்த நாள் தூங்கித்தான் செலவழிக்கிறோம்.

எந்த நாள்

பொங்கலுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. வியாழன் 14ஆம் திகதி வேலை முடித்து இரவு மெயிலில் ஏறினால் வெள்ளி விடியுமுன் மாங்குளம். ஆனால் முற்றத்தில் பானை ஏறுவது சூரியன் கிளம்பும் நேரம். ஓட்டோ கிடைத்து, ரயிலும் தாமதிக்காமல் வந்தால்தான் பொங்கி வழிவதைப் பார்க்கலாம். பாதையில் ஒரு மணித்தியாலம் பிந்தினாலே மாவிலைத் தோரணம் வாடிய பிறகு போய் நிற்பீர்கள். ஆகவே புதன் 13ஆம் திகதி இரவு, அல்லது வியாழன் 14ஆம் திகதி பகல். ஒரு நாள் விடுப்பு எடுத்தே ஆகவேண்டும். அந்த விடுப்பை நவம்பரிலேயே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஜனவரியில் கேட்டால் உங்களுக்கு முன் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு நிலைமை வேறு. அப்போது முழு நாடும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போகிறது. அதனால் விசேட ரயிலும் விசேட பஸ்ஸும் அதிகம், ஆனால் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் நெரிசல் பல மடங்கு. புத்தாண்டு நாளன்றே பஸ்கள் மிகக் குறைந்துவிடும். 14ஆம் திகதி வவுனியாவில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நிற்பது வீண் வேலை, 12ஆம் திகதிக்குள் ஊருக்குள் போய்விட வேண்டும். தீபாவளி பொங்கலைப் போலத்தான். தென்பகுதியில் நெரிசல் இருக்காது, வடக்குப் பாதையில் இருக்கும். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குத் தலைமன்னார் பாதையில் மடு வீதி நிலையம்வரை கூட்டம் ஏறும். அந்த நாள்களில் செட்டிகுளம், முருங்கன் ஆட்களும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முப்பது நாளுக்கு முன்

ஆசனப் பதிவு பயண நாளுக்கு 30 நாள் முன்பாகத் திறக்கிறது. எங்கள் குடும்பத்தின் கணக்கு இப்படி வரும். ஜனவரி 13 இரவுக்கு டிசம்பர் 14, ஜனவரி 14 பகலுக்கு டிசம்பர் 15, திரும்பி வரும் ஞாயிறு ஜனவரி 17க்கு டிசம்பர் 18. மூன்றையும் கலண்டரில் குறித்து வைக்க வேண்டும். போகும் சீட்டைப் போட்ட சந்தோஷத்தில் திரும்பும் நாள் திறப்பதை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பதிவு திறக்கும் மணி மாற்றப்படுவதுண்டு. முந்திய நாளே நிலையக் கவுண்டரில் அல்லது 1971இல் கேட்டு உறுதிப்படுத்துங்கள். seatreservation.railway.gov.lk தளத்தில் பதிவு செய்யும்போது தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் கேட்கும். பயணத்திலும் அந்த அட்டையைக் காட்டச் சொல்லலாம். மாமியின் அட்டை ஊரில் அலுமாரிக்குள் கிடந்தால் இலக்கத்தை மட்டும் கேட்டு எழுதி வைத்தால் போதாது. அட்டையே கையில் வேண்டும். வங்கி அட்டையையும் முன்கூட்டியே சரிபாருங்கள். இணையத்தில் பணம் செலுத்தும் வசதி திறந்திருக்கிறதா, குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண் இப்போதைய தொலைபேசிக்குத்தான் வருகிறதா என்று ஒரு சிறிய கொள்வனவு செய்து பார்க்கலாம். சீட் பறிபோவது பெரும்பாலும் தளம் மெதுவாக இருப்பதால் அல்ல. பணம் கட்டும் பக்கத்தில் எண் வராமல் நிற்கும் இரண்டு நிமிடத்தில்தான் போகிறது.

எல்லோரும் இணையத்தில் முட்டிக்கொண்டிருக்கும்போது, வவுனியா போன்ற ஆசனப் பதிவுள்ள நிலையம் ஒன்றின் கவுண்டருக்குப் போகக்கூடிய தம்பி ஒருவர் இருந்தால் அவரையும் அதே நாளில் அனுப்பலாம். அங்கே வரிசை கோட்டையை விடச் சிறியது. கொழும்பிலிருந்து போகும் சீட்டையும் அங்கே கேட்கலாம். யார் முதலில் எடுக்கிறாரோ அவர் உடனே மற்றவருக்கு அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரட்டைப் பதிவாகி ஒன்றை இரத்துச் செய்து பணத்தில் ஒரு பகுதியை இழக்க வேண்டி வரும்.

முகநூலில் "பொங்கல் ரிக்கெட் இருக்கு, இன்பொக்ஸ்" என்று எழுதுகிறவர்களிடம் வாங்க வேண்டாம். பதிவு வேறொருவரின் அடையாள அட்டை இலக்கத்தில் இருக்கும். பரிசோதகர் அட்டை கேட்டால் காசும் போகும், சீட்டும் போகும்.

"இடமில்லை" என்று வந்தால்

முதலில் செய்ய வேண்டியது இறங்கும் நிலையத்தை மாற்றித் தேடுவது. மாங்குளத்துக்கு இல்லை என்றால் கிளிநொச்சி போடுங்கள். அதுவும் இல்லை என்றால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை போடுங்கள். தூரத்து நிலையத்துக்கு எடுத்த சீட்டோடு முன்னாலேயே இறங்கலாம், கூடுதல் கட்டணம்தான் நட்டம். வண்டி உங்கள் நிலையத்தில் நிற்கிறது என்பதை மட்டும் மறக்காமல் பாருங்கள். எதிர்ப்புறமாகவும் தேடலாம். வவுனியாவரை மட்டும் சீட் கிடைத்தால் எடுங்கள், அங்கிருந்து பஸ்.

அடுத்தது, இரத்தாகும் சீட்டுகள். இரத்துச் செய்யப் பிந்தப் பிந்தத் திரும்பும் பணம் குறையும். ஆகவே போக முடியாதென்று தெரிந்தவர்கள் பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே விடுவிக்கப் பார்ப்பார்கள். அந்த நாள்களில் காலையும் இரவும் தளத்தைத் திறந்து பாருங்கள். நான்கு சீட் ஒன்றாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு வந்தால் மாமிக்கும் பிள்ளையை வைத்திருப்பவருக்கும் எடுத்துவிடுங்கள், மற்றவர் அதே ரயிலில் பதிவில்லாப் பெட்டியில் வரலாம். ஆனால் அந்த ரயிலில் பதிவில்லாப் பெட்டி இருக்க வேண்டும். முழுவதும் பதிவு ஆசனங்களோடு ஓடும் கடுகதியில் சாதாரண ரிக்கெட்டோடு ஏற முடியாது.

இனி விசேட ரயில். புகையிரதத் திணைக்களம் பண்டிகைகளை ஒட்டிக் கூடுதல் ரயில்களை அறிவிக்கிறது. அறிவிப்பு பெரும்பாலும் பிந்தித்தான் வரும், பயணத்துக்குச் சில நாளே இருக்கும்போதுகூட. தலைப்பைப் பார்த்து மகிழாமல் நான்கு விஷயத்தைப் பாருங்கள். "பண்டிகைக் கால விசேட ரயில்கள்" என்ற செய்தியில் பாதி பதுளைக்கும் காலிக்குமாக இருக்கலாம், ஆகவே முதலில் வடக்குப் பாதை இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டாவது, எந்தெந்த நாளில், எந்தத் திசையில். கொழும்பிலிருந்து 13ஆம் திகதி புறப்படும் வண்டி திரும்பும் நாளில் உங்களுக்குப் பயன்படுமா என்பது தனிக் கேள்வி. மூன்றாவது, எங்கெங்கே நிற்கும். நான்காவது, ஆசனம் பதியலாமா, இல்லை அன்றே ரிக்கெட் வாங்கி ஏற வேண்டுமா. பதிவில்லா விசேட ரயில் என்றால் அது ஒருவகையில் உங்களுக்கு நல்லது. முப்பது நாளுக்கு முன் தூங்கியவருக்கும் அதில் சம வாய்ப்பு.

பதிவில்லாப் பெட்டியில் உட்காரும் இடம் கிடைப்பது நீங்கள் ஏறும் நிலையத்தைப் பொறுத்தது. வடக்குக்குப் போகும் சில வண்டிகள் கோட்டையில் தொடங்குவதில்லை, கல்கிசையில் தொடங்கி வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வழியாகக் கோட்டைக்கு வருகின்றன. கோட்டையில் கதவைப் பிடிக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஏறுவது என்பது நிற்கத்தான் ஏறுவது. நேர அட்டவணையில் உங்கள் ரயில் கல்கிசையில் புறப்படுவதாக இருந்தால், வெள்ளவத்தையில் இருக்கிறவர் எதிர்ப்பக்கம் ஓட்டோ பிடித்துக் கல்கிசைக்குப் போய் ஏறுவது நல்லது. கால் மணித்தியாலச் செலவுக்கு ஐந்தாறு மணித்தியாலம் உட்கார்ந்து போகலாம். வண்டி கோட்டையிலேயே தொடங்குகிறதென்றால் ஒரு மணித்தியாலம் முன்பே மேடையில் நில்லுங்கள். மேடை இலக்கத்தை ஒலிபெருக்கியில் மாற்றிச் சொல்வார்கள், காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஜனவரி என்பது மாரி மழை ஓய்ந்தும் ஓயாத காலம். 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டின் ரயில் பாதைகளைப் பல இடங்களில் சிதைத்தது. அதற்கு முன் 2023இலும் 2024இலும் வடக்குப் பாதையின் பகுதிகள் திருத்த வேலைக்காக மாதக்கணக்கில் மூடப்பட்டன. இரண்டும் ஜனவரியில்தான் தொடங்கின. சீட் கையில் இருந்தாலும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும் முந்திய நாளும் 1971க்கு அழைத்து, பாதை முழுக்கத் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பஸ்

ரயில் கைவிட்டால் பஸ்தான். எல்லா பஸ்ஸும் வன்னிக்காரருக்கு ஒன்றல்ல. வெள்ளவத்தையிலிருந்து இரவில் கிளம்பும் யாழ்ப்பாணச் சொகுசு பஸ்கள் ஏ-9 வழியாகத்தான் போகின்றன, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி எல்லாவற்றையும் கடந்துதான் போகின்றன. ஆனால் பண்டிகைக் காலத்தில் பதிவு செய்யப் போனால் கிடைக்கும் பதில் இதுதான்: "அக்கா, மாங்குளத்தில இறக்கலாம், ஆனா யாழ்ப்பாணக் காசுதான்." அவர் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு, நீங்கள் இறங்கிய பிறகு அந்த சீட் வெறுமையாகப் போகும். கட்டணத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்பது உங்கள் முடிவு. ஒப்புக்கொண்டால் இறங்கும் இடத்தை ரிக்கெட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு மாற்றுச் சாரதி இருக்கும்போது "மாங்குளமா? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்பதைக் கேட்க வேண்டியிருக்காது. அங்கீகரித்த கட்டணத்துக்கு மேல் வாங்கினால் பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து, தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்குச் சொல்லலாம்.

அதைவிட நல்லது உங்கள் ஊர்ப்பக்கத்துக்கே ஓடும் பஸ். கொழும்பிலிருந்து வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் நேரடி பஸ்கள் இருக்கின்றன. முல்லைத்தீவு பஸ் வீட்டுச் சந்தியிலேயே இறக்கிவிடும். மாங்குளத்தில் காத்திருப்பு, ஓட்டோ எல்லாம் இல்லை. மாமியோடு போகும் எங்கள் குடும்பத்துக்கு ரயிலில் சீட் கிடைத்தாலும் இதை ஒருமுறை யோசிக்கச் சொல்வேன். இ.போ.ச. பஸ்களில் பதிவு வசதியுள்ளவற்றை sltb.eseat.lk தளத்தில் பார்க்கலாம். தனியார் பஸ் என்றால் ஊரில் அதன் முகவர் யாரென்று கேட்டு, அவரது தொலைபேசியிலேயே சீட் சொல்லிவிடலாம். ஊர்க்கடைக்காரரே முகவராக இருப்பதும் உண்டு.

துண்டு துண்டாகப் போவது

நேரடியாக எதுவும் இல்லாவிட்டாலும் போகலாம். அதற்குப் பகலில் புறப்பட வேண்டும். கொழும்பு முதல் அநுராதபுரம்வரை பஸ்ஸும் ரயிலும் அதிகம். பொங்கல் சமயத்தில் அந்தத் துண்டில் யாழ்ப்பாண வண்டிகளைப் போல நெரிசல் இருக்காது, ஏனென்றால் அநுராதபுரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அன்று பண்டிகை இல்லை. அநுராதபுரத்தில் கொழும்பு பஸ் இறக்கும் இடமும் வவுனியா பஸ் நிற்கும் இடமும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். இறங்கும்போதே கொண்டக்டரிடம் கேட்டு, தேவையானால் ஓட்டோவில் போய்விடுங்கள். அங்கிருந்து மதவாச்சி வழியாக வவுனியா ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். பிறகு முல்லைத்தீவு பஸ்.

இந்த வழியில் கடிகாரம்தான் எதிரி. வவுனியாவிலிருந்து உள்ளூர்களுக்கான பஸ்கள் பின்னேரத்தோடு குறைந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குள் வவுனியாவில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் பாருங்கள். அநுராதபுரத்தை ஒரு மணிக்குள் விட வேண்டும். அதற்குக் கொழும்பில் ஆறு மணிக்கு முன் ஏற வேண்டும். எட்டு மணிக்கு எழும்பி, தேநீர் குடித்து, பத்துக்குக் கிளம்புகிறவர் வவுனியாவில் உறவினர் வீட்டில் படுக்கத் தயாராகப் போக வேண்டும். அதுவும் தப்பில்லை, முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சரி.

வான் பிடிப்பதும் ஒரு வழி. பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு வரும் தொகை சொகுசு பஸ்ஸோடு ஒப்பிடக்கூடியதாக இருக்கும், வாசலிலேயே இறங்கலாம். ஒரே ஊர்ப்பக்கத்து ஆட்களாகச் சேருங்கள். ஒருவர் விசுவமடு, ஒருவர் நெடுங்கேணி, ஒருவர் மல்லாவி என்று ஏற்றினால் வான் வன்னி முழுக்கச் சுற்றும். முற்பணத்தைக் கட்டும்போதே திரும்பும் நாளையும் பேசி முடியுங்கள். இரவில் போவதென்றால் இரண்டாவது சாரதி வேண்டும் என்று கேளுங்கள். மதவாச்சிக்கு மேலே ஏ-9 நேர்கோடு, விடியப்புறம் சாரதிக்குக் கண் சொருகும் நேரம், வீதியில் மாடு படுத்திருக்கும் நேரமும் அதுதான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, சாரதிக்கு ஒரு தேநீர் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் மேலே போகிறவர்களுக்கு நல்ல ஓய்வு. ஆனால் முள்ளியவளைக்காரர் மாங்குளத்திலேயே திரும்பிவிடுவதால், அவர்கள் வவுனியாவிலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

திரும்பி வருவது

போவதை விடத் திரும்புவதுதான் வன்னிக்காரருக்குச் சிக்கல். ரயில் காங்கேசன்துறையிலும் யாழ்ப்பாணத்திலும் நிரம்பி வரும். மாங்குளத்தில் ஞாயிறு இரவு பதிவில்லாப் பெட்டியின் கதவில் கால் வைக்கவே இடம் இருக்காது. ஏ-9 வழியே வரும் யாழ்ப்பாண பஸ்ஸும் அப்படித்தான், கை காட்டினால் நிறுத்தாமலே போகும். ஆகவே ஒரு பக்கத்துக்குத்தான் சீட் எடுக்க முடியும் என்றால் திரும்பும் பக்கத்துக்கு எடுங்கள். போகும்போது கல்கிசைத் தந்திரம் இருக்கிறது, துண்டுப் பயணம் இருக்கிறது. திரும்பும்போது இடைவழியில் ஏறுகிறவருக்கு அந்த வசதிகள் இல்லை.

சீட் கிடைக்காவிட்டால் தொடக்க இடத்துக்குப் போவதுதான் வழி. முல்லைத்தீவிலிருந்தே கிளம்பும் கொழும்பு பஸ்ஸில் பதியுங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஞாயிறு காலையிலேயே வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து புறப்படும் கொழும்பு பஸ்ஸில் ஏறுங்கள். வெறும் பஸ்ஸாக நிலையத்தில் நிற்கும்போது ஏறினால் நான்கு பேருக்கும் இடம் கிடைக்கும். பின்னேரம்வரை வீட்டில் இருந்துவிட்டு வருவது ஆசைதான், ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் அதே ஆசையோடு வருவார்கள். திங்கள் காலை எட்டரைக்கு அலுவலகத்தில் இருக்கத் தேவையில்லாதவர், ஒரு நாள் விடுப்பைக் கூட்டி, திங்கள் பகல் ரயிலுக்கு டிசம்பர் 19ஆம் திகதி பதியலாம்.